"லுக்ஸ் குட்"னா ஓகேவா, இல்லையா?

போன வருஷம் ஒரு கம்பெனிக்கு எட்டுப் பக்க புரோஷர் டிசைன் பண்ணேன். நாலாவது ப்ரூஃப் பாத்துட்டு வாட்ஸப்ல ரெண்டே வார்த்தை: "லுக்ஸ் குட்". நானும் குஷியா பிரஸ்ஸுக்கு அனுப்பிட்டேன். 2000 காப்பி அடிச்சு முடிச்சப்புறம் போன் வருது. "சார், நான் கலரைத்தானே சொன்னேன்? எம்.டி. இன்னும் பாக்கவே இல்லையே!" பின் அட்டையில போன் நம்பர் வேற பழசு. மறுபடி அடிச்ச செலவுல பாதி என் தலையில :(

யோசிச்சா, அவர் பொய் சொல்லலை. பாராட்டை அனுமதின்னு எடுத்துக்கிட்டது நான்தான்.

இப்பல்லாம் அந்த வார்த்தை வந்த உடனே ஒரு மெயில் தட்டிடறேன்:

"brochure_v4.pdf, 8 பக்கம், 2000 காப்பி. விலாசம், போன் நம்பர் சரிபார்த்தாச்சா? இதுவே ஃபைனல் என்றால், அச்சுக்கு அனுமதி தருபவர் 'அச்சுக்கு அனுப்பலாம்' என்று வியாழன் மாலை 5 மணிக்குள் இதே மெயிலில் பதில் எழுதவும். பிளேட் போட்ட பிறகு வரும் திருத்தங்களுக்குத் தனிக் கட்டணம்."

நிஜமாவே ஓகேன்னா பத்து நிமிஷத்துல பதில் வந்துடும். இழுத்தடிக்கிற ஆள்னா "பாத்துட்டு சொல்றேன்"னு வரும், இல்ல சத்தமே இருக்காது. "பதில் வரலைன்னா சம்மதம்னு எடுத்துப்பேன்"னு மட்டும் எழுதறதில்லை. முன்னாடியே பேசி ஒத்துக்காத வரைக்கும் அது செல்லாது, சண்டைதான் மிஞ்சும். வியாழன் தாண்டினா, பிரஸ்ல நம்ம முறையை விட்டுட்டேன், டெலிவரி தேதியும் தள்ளிப்போகும்னு இன்னொரு மெயில்.

போன மாசம் ஒருத்தர் அந்த ரெண்டாவது மெயிலுக்கு அப்புறம்தான் வாயைத் திறந்தார்: "பட்ஜெட் இன்னும் சாங்ஷன் ஆகலை சார்."