இலையின் கீழ்ப்பக்கம்

எங்கள் கிணற்றடித் தேசிக்காய் மரத்தின் இலைகள் கரி பூசியதுபோல் கறுத்துவிட்டன. "மரத்துக்கு நோய் புடிச்சிட்டு. நோன்புக்கு முதல் வெட்டிப் போடுவம்" என்றார் வாப்பா. நோன்பு திறக்க நாங்கள் குடிக்கும் தேசிக்காய்த் தண்ணீர் அந்த மரத்தின் காயில்தான். நோன்புக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்ததால் தவணை கேட்டேன்.

முதலில் ஈரத்துணியால் இலைகளைத் துடைத்தேன். கருமை துணியோடு வந்துவிட்டது. அடியில் இலை பச்சையாகவே இருந்தது. நோய் இலைக்குள் இல்லை என்பதை அப்போதே நான் விளங்கியிருக்க வேண்டும். இரண்டு கிழமைக்குள் பழையபடி கறுத்துவிட்டது.

பிறகு மூத்தம்மாவின் பூதக்கண்ணாடியைக் கைபேசிக் கமராவுக்கு முன்னால் பிடித்துப் படமெடுத்தேன். மேற்பக்கப் படத்தில் கருமை, ஓரங்களில் எரிந்த கடதாசிபோல் உரிந்து நின்றது. அது பங்கசு. மேலேயுள்ள இலையைத் திருப்பி எடுத்த படம்தான் என்னைத் திகைக்க வைத்தது. நடுநரம்போரமாக, இரண்டு மூன்று மில்லிமீற்றர் நீளத்தில், தட்டையான வெளிர்பச்சை முட்டை வடிவங்கள். வெறுங்கண்ணுக்கு அவை இலையின் தழும்புகள்தான். படத்தைப் பெருப்பித்தபோது ஒவ்வொன்றின் முதுகிலும் வளைந்த கறுப்புக் கோடு தெரிந்தது. அது வெளியே தெரியும் குடல்! பச்சைச் செதில் பூச்சிகள். பக்கத்திலேயே ஓர் எறும்பு, உணர்கொம்பால் ஒன்றைத் தட்டிக்கொண்டிருந்தது.

செதில் பூச்சி உரியத்தில் சாற்றை உறிஞ்சுகிறது. அதில் சீனி அதிகம், புரதச்சத்து குறைவு. ஆகவே நிறையக் குடித்து, மிஞ்சிய சீனியை ஒட்டும் துளிகளாக வெளியேற்றுகிறது. துளிகள் கீழ் இலைகளில் விழ, அவற்றின்மேல் பங்கசு வளர்கிறது. இலையை அது தின்பதில்லை, வெளிச்சத்தை மறைக்கிறது. அதே இனிப்புக்காகத்தான் எறும்பும் பொறிவண்டு போன்ற எதிரிகளை விரட்டிக் காவல் நிற்கிறது.

ஆகவே காவலை முதலில் நீக்கினேன். தண்டைச் சுற்றிப் பொலித்தீன் கட்டி அதன்மேல் கிறீஸ் பூசினேன். பட்டையில் நேரே பூசக்கூடாது. மறுநாளும் எறும்பு ஏறியது. மதிலில் முட்டிய ஒரு கிளைதான் அவற்றின் பாலம். அதை வெட்டினேன். ஒரு லீற்றர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி சவர்க்காரக் கரைசல் சேர்த்து, இலைகளின் கீழ்ப்பக்கம் நனையக் கிழமைக்கொரு தடவை தெளித்தேன். ஒருநாள் அவசரப்பட்டு நடு வெயிலில் தெளித்து ஒரு கிளையின் இலைகள் கருகின. பிறகு அஸருக்குப் பின்னால் மட்டும்தான்.

மூன்றாம் கிழமை வாப்பா, "இன்னும் கறுப்பாத்தானே கிடக்கு?" என்றார். பூச்சி செத்தாலும் பழைய கருமை மழை கழுவும்வரை கிடக்கும். "வாப்பா, கொழுந்தப் பாருங்க" என்றேன். புதிய இலைகள் சுத்தமாக இருந்தன. கீழ்ப்பக்கத்துப் பூச்சிகள் மண்ணிறமாகக் காய்ந்து, நகம் பட்டதும் உதிர்ந்தன.

அன்று எடுத்த படத்தில் ஒரு பூச்சியின் முதுகில் மட்டும் வட்டமான சிறு துளை. சவர்க்காரம் துளை போடாது. உள்ளேயே வளர்ந்த குட்டிக் குளவி ஒன்று வெளியேறிய வழி அது. எறும்புக் காவல் போனபின் வந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு நான் தெளிக்கவில்லை.