‘ம்’ கொட்ட ஆளில்லாத கதை

கதை கேட்கிற பிள்ளை ‘ம்’ கொட்ட வேண்டும் என்பது நம் வீடுகளில் எழுதாத சட்டம். ‘ம்’ சத்தமாக வந்தால் பிள்ளை கதைக்குள் இருக்கிறது. இழுத்து வந்தால் கண் சொருகுகிறது. இரண்டு இடத்தில் வரவே இல்லையென்றால் பாட்டி குரலைத் தேய்த்து, முதலையை ஆற்றிலும் குரங்கை மரத்திலும் அப்படியே விட்டுவிட்டு எழுந்துவிடலாம். தூங்க வைக்கச் சொல்லும் கதைக்கு முடிவு கட்டாயமில்லை.

இந்தத் தொழிலை இப்போது கைபேசி செய்கிறது. அதற்காகக் கதைகளைப் பதிவு செய்கிற ஒருவரைப் பார்க்க மதுரைக்குப் போயிருந்தேன். பாலர் பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒலிப்பதிவைக் கவனிப்பது அவருடைய கொழுந்தன் மகன். பகலில் கல்யாண வீடியோ வேலை, இரவில் பெரியம்மாவின் கதை. பெயரைப் போட வேண்டாம் என்று இருவருமே சொல்லிவிட்டார்கள். அதனால் அவர் ஆசிரியை, இவர் தம்பி.

பதிவு அறை என்பது படுக்கையறைதான். துணி பீரோவைத் திறந்து வைத்து, அதன் முன்னால் ஒலிவாங்கி. அடுக்கிய சேலைகள் எதிரொலியை உறிஞ்சிக்கொள்கின்றன. பின்பக்கச் சுவரில் இரண்டு போர்வைகள். மின்விசிறி ஓடக் கூடாது, ஜன்னல் திறக்கக் கூடாது. மதுரை வெயிலில் இது எப்படி இருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. ஒலிவாங்கிக்கும் வாய்க்கும் ஒரு சாண் தூரம், அதுவும் நேருக்கு நேராக இல்லாமல் சற்றுச் சாய்வாக. நேராக இருந்தால் ‘பழம்’ என்று சொல்லும்போது ‘ப’வோடு வரும் காற்று ஒலிவாங்கியை அறைந்து ‘டப்’ என்று வெடிக்கும். அன்றைய கதை நாவல் பழம் தின்னும் குரங்கைப் பற்றியது. கதை முழுக்க ‘ப’தான்.

பேச ஆரம்பிப்பதற்கு முன் தம்பி கையைக் காட்டினார். எல்லோரும் பத்து விநாடி மூச்சடக்கி உட்கார்ந்தோம். யாரும் பேசாதபோது அறை எழுப்பும் மெல்லிய இரைச்சலைத் தனியாகப் பதிந்துகொள்கிறார்கள். அது எதற்கென்று பிறகு புரிந்தது. வாக்கியங்களுக்கு நடுவே ஆசிரியை இடைவெளி விடுகிறார். பிள்ளை ‘ம்’ கொட்டுவதற்கான இடம் அது. அங்கே இருமலோ நாற்காலி கிரீச்சோ விழுந்தால் வெட்டி எடுக்க வேண்டும். வெட்டிய இடத்தில் வெறும் நிசப்தத்தை வைத்தால், சட்டென்று பள்ளத்தில் கால் வைத்த மாதிரி காது திடுக்கிடும். தூங்கப் போகிற பிள்ளை கண்ணைத் திறந்துவிடும். அதனால் அந்த அறை இரைச்சலைத் துண்டாக நறுக்கி ஒட்டுப் போடுகிறார்.

இடைவெளிக்கும் ஒரு கணக்கு வைத்திருக்கிறார் ஆசிரியை. கதையின் தொடக்கத்தில் ஒன்றரை விநாடி. போகப்போக நீளும். கடைசியில் மூன்று விநாடி வரை. “நாலாச்சுன்னா போன் நின்னு போச்சோன்னு அம்மாக்காரி எடுத்துப் பாத்துருவா. வெளிச்சம் மூஞ்சியிலே அடிச்சுரும்” என்றார். கையில் இருந்த தாளில் அறுநூற்றைம்பது சொற்கள். செய்தி வாசிக்கிற வேகத்தில் படித்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். அவர் ஏழு நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டார். அந்தக் கூடுதல் நேரத்தில் பெரும்பகுதி பேசாத நேரம்.

குரலைத் தேய்ப்பது என்றால் கிசுகிசுப்பது இல்லை. ஆரம்பத்தில் கடைசிப் பத்திகளைக் கிசுகிசுத்துத்தான் பதிந்திருக்கிறார்கள். கைபேசியின் சின்ன ஒலிபெருக்கியில் கிசுகிசுப்பில் ‘ச’வும் ‘ஸ’வும் மட்டும் சீறிக்கொண்டு மேலே வரும், மற்ற எழுத்துகள் கேட்காது. கேட்கவில்லையே என்று அம்மா சத்தத்தைக் கூட்டி வைப்பாள். அடுத்த கதை தானாகத் தொடங்கும்போது வீடே அலறும். இப்போது சத்தத்தின் அளவை ஏறக்குறைய ஒரே மட்டத்தில் வைத்துக்கொண்டு வேகத்தை மட்டும் குறைக்கிறார். முதலைக்குக் கரகரத்த குரலும் கொடுப்பதில்லை. குரங்கு துள்ளிப் பேசும், முதலை ஒவ்வொரு சொல்லாக இழுத்துப் பேசும், அவ்வளவுதான். இருட்டில் படுத்திருக்கிற பிள்ளைக்கு அதுவே போதும் என்பது அவர் தீர்மானம்.

அன்று பதிந்தது குரங்கும் முதலையும் கதை. பஞ்சதந்திரத்தின் நான்காம் தந்திரத்துக்கு அதுதான் தலைக்கதை. மற்றவை அதற்குள் அடங்கும் கிளைக்கதைகள். நமக்கெல்லாம் தெரிந்ததுதான். நாவல் மரத்துக் குரங்கு தினமும் பழம் பறித்துப் போட, முதலை தின்று நட்பாகிறது. குரங்கின் இதயம் வேண்டும் என்று முதலையின் மனைவி அடம்பிடிக்கிறாள். முதுகில் ஏற்றிக்கொண்டு நடு ஆற்றுக்குப் போனதும் முதலை உண்மையைச் சொல்லிவிடுகிறது. “அடடா, இதயத்தை மரத்திலேயே வச்சுட்டு வந்துட்டேனே” என்கிறது குரங்கு.

இந்தக் கதைக்கு எந்த வயது என்று போடுவீர்கள் என்று கேட்டேன். நான்கு, ஐந்து என்பார் என நினைத்தேன். ஆறிலிருந்து எட்டு என்றார். பாலர் பள்ளியில் நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு இதைச் சொன்னபோது ஒருவன் எழுந்து, “அப்புறம் குரங்கு மரத்துல ஏறி இதயத்தை எடுத்து மாட்டிக்குச்சா மிஸ்?” என்று கேட்டானாம். இதயத்தைக் கழற்றி வைக்க முடியாது என்று தெரிந்த பிள்ளைக்குத்தான் அது தந்திரம். தெரியாத பிள்ளைக்கு அது தகவல். அவன் கணக்கில் குரங்கு உண்மையைத்தான் சொன்னது, முதலையும் ஏமாறவில்லை, கதையில் எதுவுமே நடக்கவில்லை. ஆக, கதை நிற்பதற்குப் பிள்ளைக்கு முன்கூட்டியே என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதை வைத்துத்தான் இவர் வயது போடுகிறார். பயமா இல்லையா, சொற்கள் கடினமா என்பதெல்லாம் அதற்கு அடுத்தபடி. மூன்று நான்கு வயதுக்குப் பேர் மறந்த ஈயின் கதை. மாட்டிடம் கேட்கும், மேய்ப்பவனிடம் கேட்கும், கம்பிடம் கேட்கும். ஒவ்வொரு முறையும் முந்தின வரிசை முழுக்கத் திரும்பி வரும். அந்த வயதுக்குத் திரும்பி வருவதுதான் இன்பம், அதுவேதான் தாலாட்டும்.

பாட்டிக்கு இந்த எண்ணெல்லாம் தேவைப்படவில்லை. எதிரே கிடக்கிற முகத்தைப் பார்த்து, இதயத்தை மாற்றி வாழைப்பழம் என்று சொல்லியிருப்பாள். முகம் தெரியாத பிள்ளைக்குச் சொல்கிறபோது எண் வேண்டியிருக்கிறது.

நீதி விஷயத்தில் எனக்கும் அவருக்கும் கொஞ்சம் வாக்குவாதம் நடந்தது. கதையை வலையேற்றும்போது ‘நீதி’ என்று ஒரு வரி எழுதுகிறார்கள். அதைப் பார்த்துத்தான் பல பெற்றோர் கதையைத் தேர்ந்தெடுக்கிறார்களாம். தீய நண்பனை நம்பாதே என்று சிலர் போடுகிறார்கள். அவர் ‘ஆபத்தில் சமயோசிதம்’ என்று எழுதியிருந்தார். நான்காம் தந்திரத்தின் பொருளே கைக்குக் கிடைத்ததை இழப்பது அல்லவா, அப்படியானால் நீதி முதலையின் பக்கம்தானே இருக்கிறது என்றேன். தினமும் பழம் கொடுத்த நண்பனை ஒரே நாளில் இழந்தது அதுதானே.

“படிச்சவங்களுக்கு அது சரி தம்பி. விளக்கை அணைச்சப்புறம் நம்பாதேன்னு சொல்லிப் பிள்ளையத் தனியா விட முடியுமா? நம்பினது எல்லாம் போயிரும்னும் சொல்ல முடியாது. குரங்கு மரத்துக்கு வந்து சேந்துருச்சு. அதோட விடுங்க.”

அந்த வரி எழுத்தில் மட்டும்தான் இருக்கிறது. குரலில் நீதியே வராது. ‘குழந்தைகளே, இந்தக் கதையிலிருந்து நாம் அறிவது’ என்று தொடங்கினால் அது வகுப்பறைக் குரல். பாதித் தூக்கத்தில் இருக்கிற பிள்ளை கேள்வி கேட்கப் போகிறார்களென்று விழித்துக்கொள்ளும் என்கிறார். முப்பது வருடம் அந்தக் குரலில் பேசியவர் சொல்வதால் நம்பலாம். அவருடைய கதை முதலை திரும்பிப் போவது, குரங்கு கிளையில் சாய்வது, ஆறு ஓடுவது என்று மூன்று வாக்கியங்களில் கரைகிறது. பிள்ளை அவற்றைக் கேட்காமல் போனாலும் நஷ்டமில்லாதபடி எழுதப்பட்ட வாக்கியங்கள் அவை.

பெயர் வைப்பதுதான் தம்பியின் பொறுப்பு. பெரியம்மா முதலில் இதற்கு ‘ஆற்றங்கரைத் தோழர்கள்’ என்று வைக்க விரும்பினாராம். அழகான பெயர்தான். ஆனால் இரவு ஒன்பதரை மணிக்கு ஒரு கையில் பிள்ளையைத் தட்டிக்கொண்டு மறு கையால் தேடுகிறவர் அதைத் தட்டப் போவதில்லை. தம்பி தன் கணினியைத் திருப்பி, மக்கள் எப்படியெல்லாம் தேடி வந்தார்கள் என்ற பட்டியலைக் காட்டினார். குரங்கும் முதலையும், முதலையும் குரங்கும், குரங்கு இதயம் கதை. தமிழில் தட்டுகிறவர்களைவிட ஆங்கில எழுத்தில் தட்டுகிறவர்கள் அதிகம். kurangu muthalai kathai, kurangum mudhalaiyum, kadhai, kadai. கடைசியாகச் சொன்னதைத் தட்டினால் பலசரக்குக் கடையும் வந்து நிற்கும்.

வெறுமனே kurangu kathai என்று தேடுவதில் வேறோர் ஆபத்து இருக்கிறது. பஞ்சதந்திரத்திலேயே இன்னொரு குரங்கு உண்டு. பாதி பிளந்த மரத்தில் ஆப்பைப் பிடுங்கி, அதில் நசுங்கிச் சாவது. தூங்கப் போகிற நேரத்தில் பெற்றோருக்கு அந்தக் குரங்கு கிடைத்துவிடக் கூடாது. அதனால் பெயரில் இரண்டு பாத்திரங்களும் இருக்க வேண்டும், அதுவும் முதலில் வர வேண்டும். கைபேசித் திரையில் நீளமான தலைப்பின் வால் வெட்டுப்பட்டுவிடும். ‘குரங்கும் முதலையும் | 6–8 வயது | தூங்கும் நேரக் கதை’ என்பது தம்பியின் வரிசை. மற்ற எழுத்துக்கூட்டல்களெல்லாம் கீழே விளக்கத்தில் போகும்.

கதை எட்டு நிமிடத்தைத் தொடாமல் பார்த்துக்கொள்வதற்கும் காரணம் இருந்தது. யூடியூப் 2020 முதல் எட்டு நிமிடமோ அதற்கு மேலோ உள்ள வீடியோக்களின் நடுவில் விளம்பரம் போட இடம் தருகிறது. நடு ஆற்றில் முதலை வாயைத் திறக்கும்போது சோப்பு விளம்பரம் வந்தால் ஏழு நிமிட உழைப்பும் வீண். வருமானம் குறைவுதான். கல்யாண சீசனில் இந்தக் கணக்கைச் சரிசெய்துகொள்வதாகத் தம்பி சிரித்தார்.

கிளம்பும்போது அடுத்த கதையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். கீரிப்பிள்ளை கதை வேண்டும் என்று நிறையப் பேர் கேட்கிறார்களாம். தொட்டிலில் கிடந்த பிள்ளையைப் பாம்பிடமிருந்து காப்பாற்றிய கீரியை, வாயில் ரத்தத்தைப் பார்த்த தாய் அவசரப்பட்டுக் கொன்றுவிடுகிற கதை. ஐந்தாம் தந்திரத்தில் இருக்கிறது. சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையிலும் கீரியைக் கொன்ற பெண் வருகிறாள். அவளுக்குக் கோவலன் உதவியதை மாடலன் சொல்கிறான். அவ்வளவு பழைய கதை. கேட்கிறவர்கள் பெரியவர்கள், தங்கள் பாட்டியிடம் கேட்ட நினைவில் கேட்கிறார்கள். ஆசிரியைக்குச் சொல்ல ஆசைதான், ஆனால் தூங்கும் நேர வரிசையில் அதற்கு இடமில்லை என்கிறார். தொட்டிலில் பிள்ளை, பக்கத்தில் பாம்பு, தவறு செய்கிற அம்மா. படுக்கையில் இருக்கிற பிள்ளைக்கு இதில் சாய்ந்துகொள்ள எதுவுமே இல்லை.

“ஒன்பது வயசுக்கு மேல, ஞாயித்துக்கிழமை பகல்ல கேக்கட்டும். கேட்டுட்டு வந்து அம்மாகிட்ட சண்டை போடட்டும்” என்றார். தம்பி ஏற்கெனவே கோப்புக்கு keeripillai_9plus_pagal என்று பெயர் தட்டிக்கொண்டிருந்தார். ‘keeri’யா ‘kiri’யா என்று என்னைப் பார்த்துக் கேட்டார். இரண்டையும் போடச் சொன்னேன்.