இவ்விரண்டில் எது மேல்?

நாட்காட்டிக்கென வந்து குவிந்த 60 நிழற்படங்களுள் 12ஐத் தேர்ந்தெடுக்கும் பணி எங்கள் மூவருக்கு வாய்த்தது. ஒளிக்கு 30, அமைப்புக்கு 40, கருப்பொருளுக்கு 30 என வகுத்து நண்பர் ஓர் அட்டவணை வரைந்தார். பெரும்பாலான படங்கள் 70க்கும் 75க்கும் இடையே நெருக்கியடித்து நின்றன. காலையில் தாராளமாய் வழங்கிய கை மாலையில் இறுகியும் போயிற்று.

படங்களை இரண்டிரண்டாய் வைத்து, 'இவற்றுள் எது மேல்?' என்று மட்டும் கேட்பது வேறு வழி. உளவியலறிஞர் தர்ஸ்டன் 1927இல் இதற்குக் கணித அடிப்படை வகுத்தார். மதிப்பெண்ணின் பொருளை நாள் முழுதும் மனத்தில் சுமக்க வேண்டியதில்லை. அறுபது படங்களுக்கு 1770 இணைகள் உண்டு. எனினும் ஒவ்வொன்றும் பத்து முறை தோன்றுமாறு 300 ஒப்பீடுகள் செய்தோம்.

சதுரங்க வீரர்களுக்கு ஈலோ வகுத்த கணக்கையே கையாண்டோம். எல்லாப் படங்களும் 1500 புள்ளியில் தொடங்கும். ஓர் ஒப்பீட்டின் உச்ச மாற்றம் 32 எனக் கொண்டால், சமமானதை வென்ற படம் 16 புள்ளி பெறும். தன்னினும் 400 புள்ளி உயர்ந்ததை வென்றால் ஏறத்தாழ 29. தோற்றது அதே அளவை இழக்கும். பன்னிரண்டாம் இடத்தை ஒட்டி நின்றவற்றை மட்டும் மீண்டும் மோதவிட்டோம். முடிவு அங்கேதான் ஊசலாடும்.

ஒன்று இரண்டாவதையும், இரண்டு மூன்றாவதையும், மூன்று முதலாவதையும் வென்றால், அவை ஏறக்குறைய சமம். அல்லது பார்த்தவர்களின் அளவுகோல் இடையில் மாறியிருக்கிறது.

இம்முறை வரிசையைச் சொல்லுமேயன்றித் தகுதியைச் சொல்லாது. அறுபதும் மங்கலாயிருந்தாலும் ஒன்று முதலிடம் பெற்றே தீரும். அளந்து காணக்கூடியவற்றுக்கு அட்டவணையே ஏற்றது: அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் பத்து அங்குல அகலத்தில் அச்சிட 3000 படப்புள்ளிகள் வேண்டும். அவ்வளவு இல்லாத படங்களை ஒப்பீட்டுக்கு முன்னரே விலக்கிவிடலாம்.