முப்பத்தெட்டு லட்சம் வீட்டுக்குக் கையில் எவ்வளவு வேண்டும்?

என் தங்கை மகனுக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகிறது. குரோம்பேட்டைப் பக்கம் 650 சதுர அடியில் ஒரு பழைய ஃபிளாட் பார்த்து வைத்திருந்தான். விலை 38 லட்சம். வங்கி 30 லட்சம் கடன் தரும் என்றது. சேமிப்பு 10 லட்சம். "எட்டு லட்சம் கொடுத்தது போக ரெண்டு லட்சம் மிச்சம் இருக்கும் பெரியம்மா" என்றான். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் ஒரு தாளில் எழுதிப் பார்த்துவிடலாம் என்று அவனை உட்கார வைத்தேன்.

தமிழ்நாட்டில் பழைய வீட்டைக் கிரயம் செய்தால் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 38 லட்சத்துக்கு அது 2,66,000 மற்றும் 76,000. இரண்டும் சேர்ந்து 3,42,000 ரூபாய்.

இந்த சதவீதத்தை எந்தத் தொகைக்குப் போடுகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். tnreginet.gov.in தளத்தில் தெருவுக்குத் தெரு வழிகாட்டி மதிப்பு இருக்கிறது. நம் பங்குக்கு வரும் பிரிபடாத நிலத்தை அந்த மதிப்பால் பெருக்கி, கட்டடத்தின் மதிப்பையும் கூட்டினால் ஒரு தொகை வரும். பத்திரத்தில் எழுதும் விலை, இந்தத் தொகை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் தீர்வை. இவன் பார்த்த வீட்டுக்கு விலைதான் அதிகமாக இருந்தது.

அடுத்தது புரோக்கர் கமிஷன். இதற்கு அரசாங்கக் கணக்கு கிடையாது, பேசிக்கொள்வதுதான். இவனிடம் ஒரு சதவீதம் கேட்டிருந்தார்கள், 38,000. வீட்டைப் பார்க்கும் முன்பே, எத்தனை சதவீதம், எப்போது தர வேண்டும் என்று பேசிவிடுவது நல்லது. பத்திரப் பதிவு முடிந்த பிறகு என்று சொன்னால், நடுவில் வியாபாரம் முறிந்தாலும் பணம் போகாது.

வக்கீல் பார்வை, வில்லங்கச் சான்று, பத்திரம் எழுதும் கூலி எல்லாவற்றுக்கும் 20,000 போட்டோம். பலர் விட்டுவிடும் செலவு ஒன்று உண்டு. வங்கியில் மூலப்பத்திரத்தை ஒப்படைப்பதையும் பதிவு செய்ய வேண்டும். அதற்குக் கடன் தொகையில் அரை சதவீதம் தீர்வை, 30 லட்சத்துக்கு 15,000. பதிவுக் கட்டணமும் சேர்த்து 21,000 என்று எழுதினோம்.

கூட்டினால் மேல்செலவு மட்டும் 4,21,000. கடன் 30 லட்சத்தைக் கழித்தால் கையிலிருந்து போக வேண்டியது 12,21,000. மிச்சம் இருக்கும் என்றவனுக்கு 2,21,000 துண்டு விழுந்தது. முத்திரைத் தீர்வைக்கும் பதிவுக்கும் வங்கி இந்த மாதிரி வீட்டுக் கடனில் பணம் சேர்க்காது. அதனால்தான் இந்தத் தொகை முழுவதும் நம் தலையில் விழுகிறது.

"பத்திரத்துல 30 லட்சம்னு போட்டுட்டு மீதி எட்டு லட்சத்தைக் கேஷா கொடுத்தா 72,000 மிச்சம்னு வீட்டுக்காரர் சொல்றார்" என்றான். அதையும் அதே தாளில் போட்டோம். வங்கி பத்திர விலையைப் பார்த்துத்தான் கடன் தரும். அதே விகிதத்தில் கடன் 24 லட்சத்தைத் தாண்டாது. ஆறு லட்சம் கடன் குறைகிறது, அந்தப் பணத்தையும் கையிலிருந்துதான் போட வேண்டும். 72,000 மிச்சம் பிடிக்கப் போய் ஐந்து லட்சத்துக்கு மேல் கூடுதலாகத் தேட வேண்டியிருக்கும். வீட்டுக் கிரயத்தில் 20,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டமும் தடுக்கிறது. நாளை இந்த வீட்டை விற்றால், 30 லட்சத்துக்கு மேல் வரும் தொகையெல்லாம் லாபமாகி வரியும் கூடும்.

புது வீடாக இருந்தால்? பில்டரிடமிருந்து முதல் கிரயமாக வாங்கும் 50 லட்சம் வரையிலான ஃபிளாட்டுக்கு 2023 டிசம்பர் முதல் தீர்வை 4 சதவீதம், பதிவு 2 சதவீதம். அதே 38 லட்சத்துக்கு 2,28,000. பழைய வீட்டைவிட 1,14,000 குறைவு. ஆனால் கட்டி முடியாத வீடென்றால் ஜிஎஸ்டி உண்டு, பணி நிறைவுச் சான்றிதழ் வாங்கிய பிறகு விற்கும் வீட்டுக்குக் கிடையாது. எனவே அந்தச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

கடைசியில் கணக்கைத் திருப்பிப் போட்டோம். பழைய வீட்டுக்கு வங்கி 80 சதவீதம் தந்தால், நம் பங்கு 20, தீர்வையும் பதிவும் 9, கமிஷன் 1, மற்றவை 1. ஆக, விலையில் 31 சதவீதம் கையில் இருக்க வேண்டும். பத்து லட்சத்துக்கு அது 32 லட்சம் வீடு. இப்போது புரோக்கரிடம் அவன் 32 லட்சத்துக்குள் காட்டுங்கள் என்றுதான் கேட்கிறான்.