பாபேல்: தோற்றவர்களின் கேலி

வானத்தைத் தொடும் கோபுரம் கட்டினார்கள். கடவுள் அவர்கள் மொழியைக் குழப்பினார். வேலை பாதியில் நின்றது. ஆதியாகமம் 11-ம் அதிகாரத்தில், ஒன்பதே வசனங்களில் முடிந்துவிடும் கதை. உலகில் ஏன் இத்தனை மொழிகள் என்பதற்கான விளக்கமாகத்தான் பலருக்கும் இது தெரியும்.

எபிரேயத்தில் இதை முதலில் வாசித்தவர்களுக்கு இது ஓர் ஊரைப் பற்றிய கேலியும்கூட. பாபேல் என்பது பாபிலோன். கி.மு. 586 வாக்கில் அதன் மன்னன் நேபுகாத்நேச்சாரின் படை எருசலேமை இடித்து, யூதர்கள் பலரைச் சிறைபிடித்துப் போனது. மொழி புரியாத ஒரு தேசம் வரும் என்று எரேமியா தீர்க்கதரிசி முன்பே எச்சரித்திருந்தார். புரியாத பேச்சு என்றாலே அவர்களுக்கு எதிரி வந்துவிட்டான் என்றுதான் அர்த்தம்.

கதை அதைவிடப் பழையது என்பவர்களும் உண்டு. இருக்கட்டும். சிறைப்பட்டவர்கள் கண்ணெதிரே மர்துக் தெய்வத்துக்கான எதெமெனாங்கி கோபுரம் நின்றது. அடித்தளத்தில் ஒரு பக்கமே சுமார் 91 மீட்டர். கல் கிடைக்காத சமவெளி என்பதால் சுட்ட செங்கல்லை நிலக்கீல் வைத்து ஒட்டினார்கள். கதையிலும் அதே செங்கல், அதே நிலக்கீல்!

பாபிலோனியர்கள் தங்கள் ஊர்ப் பெயருக்குச் சொன்ன பொருள், 'கடவுளின் வாசல்'. எபிரேயத்தில் 'பாலல்' என்றால் குழப்புவது. அந்த ஓசையைப் பிடித்துக்கொண்டு, 'வாசலாவது ஒன்றாவது, இது குழப்பம்' என்கிறது கதை. அதைவிடக் குத்தல் இன்னொன்று. வானத்தைத் தொடும் என்று பீற்றிக்கொண்ட கோபுரம் கண்ணில் படவே, கடவுள் கீழே இறங்கி வரவேண்டியிருந்ததாம்.