விழுந்துட்டேனா, எழுந்துட்டேனா?

போன மார்கழியில் ஒரு நாள், காலை ஆறேகால் மணி. கும்பகோணத்தில் தனியாக இருக்கும் அம்மாவுக்குச் சென்னையிலிருந்து வழக்கம்போல போன் போட்டேன். ஐந்தாறு ரிங்குக்குப் பிறகு எடுத்தார். குடத்துக்குள் தலையை விட்டுக்கொண்டு பேசுவது போல ஒரு குரல்.

“...ழுந்துட்டேன்டி.”

“என்னம்மா?”

“...ழுந்துட்டேன்...” அதோடு லைன் கட்.

திரும்பத் திரும்ப அடித்தேன். எடுக்கவில்லை. கை நடுங்கியது. பக்கத்து வீட்டு அக்காவை எழுப்பி, “அம்மா விழுந்துட்டாங்க போல, கொஞ்சம் ஓடிப் போய்ப் பாருங்கக்கா” என்றேன். பாவம், வாசல் தெளித்த கையோடு ஓடியிருக்கிறார். அம்மா சமையலறையில் சாவகாசமாகக் கிரைண்டரிலிருந்து மாவு வழித்துக்கொண்டிருந்தார்!

“எழுந்துட்டேன்னுதானேடி சொன்னேன்! காலங்கார்த்தால ஊரைக் கூட்டுவியா?” என்று எனக்குத்தான் திட்டு.

அந்த வாட்ச்சை வாங்கிக் கொடுத்ததே நான்தான். அதற்கு முந்தைய வருஷம் அம்மா கொல்லையில் வழுக்கி விழுந்தபோது போன் கூடத்தில் சார்ஜில் கிடந்தது. முக்கால் மணி நேரம் தரையிலேயே உட்கார்ந்திருந்தார். போன் எங்கே கிடந்தாலும் கையிலிருந்தே பேசலாமே என்று வாங்கினேன். விழுந்தால் தெரிய வேண்டும் என்று வாங்கியது, விழாதபோதே விழுந்ததாகச் சொன்னால்?

குரல் மொத்தையாகக் கேட்கிறது என்று அதற்கு முன்பே பல தடவை சொல்லியிருந்தேன். “எனக்கு நல்லாத்தானே கேக்குது” என்பார். சிக்கலே இங்கேதான். வாட்ச் கட்டியிருப்பவருக்கு அதன் ஸ்பீக்கர்தான் கேட்கும். மைக் படுத்தும் பாடு எதிரில் இருப்பவருக்கு மட்டுமே தெரியும்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனதும் இதை ஒரு கை பார்த்துவிடுவது என்று உட்கார்ந்தேன். அம்மாவைச் சமையலறையில் நிறுத்திவிட்டு மொட்டை மாடியிலிருந்து போன் செய்தேன். அதே குடத்துக் குரல். கீழே வந்து, அந்த அழைப்பைத் துண்டிக்காமல், அம்மாவின் போன் திரையில் ஒலியை வாட்ச்சிலிருந்து போனுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு மறுபடி மாடிக்கு ஓடினேன். குரல் பளிச்சென்று கேட்டது. அப்படியானால் சிக்னல் மேல் பழி இல்லை. (வாட்ச்சுக்கும் போனுக்கும் நடுவில் சுவர்கள் அதிகமானால் வார்த்தை விட்டு விட்டு வரும். இப்படி ஒரே சீராக அமுங்கி வராது.)

அடுத்து, மைக் எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும். குண்டூசி முனை அளவு ஓட்டை, கண்ணுக்கே தெரிவதில்லை. அண்ணன் மகனை மாடிக்கு அனுப்பி, அம்மாவைப் பேசிக்கொண்டே இருக்கச் சொல்லி, வாட்ச்சின் ஓரங்களை ஒவ்வொன்றாக விரலால் மூடிப் பார்த்தேன். வலது ஓரம், ஒன்றும் இல்லை. இடது ஓரத்தை மூடியதும், “அத்தை, பாட்டி கிணத்துக்குள்ள போயிட்டாங்க” என்று மேலிருந்து கத்தினான். அங்கேதான் மைக்.

வாட்ச்சுக்கு ஒரு சிலிகான் கவர் போட்டிருந்தோம். வாங்கியபோது கடையில் இலவசமாகக் கொடுத்தது. ஸ்பீக்கருக்கு மட்டும் அதில் வழி வெட்டியிருந்தது. மைக் ஓட்டை மேல் முழுசாக உட்கார்ந்திருந்தது. கழற்றியதும் பாதிக் குடம் போயிற்று. மீதிப் பாதி? ஓட்டையில் வெள்ளையாக ஏதோ. வேறென்ன, இட்லி மாவுதான்.

அம்மா உடனே புடவையிலிருந்து ஊக்கைக் கழற்றினார். நல்லவேளையாகத் தடுத்தேன். வாட்ச்சைத் தெருமுனை மொபைல் கடைக்கு எடுத்துப் போனபோது அந்தத் தம்பியும் அதைத்தான் முதலில் சொன்னார். “ஊசி மட்டும் விட்றாதீங்கக்கா. உள்ள தண்ணி போகாம இருக்க மெல்லிசா ஒரு சவ்வு வெச்சிருப்பாங்க. அது கிழிஞ்சா வாட்ச்சே போச்சு.” ஓட்டை கீழே பார்த்தபடி வாட்ச்சைப் பிடித்து, மென்மையான காய்ந்த டூத் பிரஷ்ஷால் மெதுவாகத் தட்டினார். துகள் உதிர்ந்தது. பாத்திரம் தேய்த்த கையோடு பேசினாலும் இதே கதைதானாம். ஓட்டையில் தண்ணீர் நிற்கும் வரை குரல் அமுங்கும், காய்ந்ததும் தானாகச் சரியாகிவிடும். காய்ந்த பிறகும் அமுங்கினால் அழுக்கு என்று அர்த்தம்.

குரல் தெளிந்தது. ஆனால் இன்னொரு தொல்லை பாக்கி இருந்தது. நான் “அம்மா” என்றால் அரை நொடியில் “அம்மா” என்று என் குரலே எனக்குத் திரும்பி வரும். என் போன்தான் கோளாறு என்று நினைத்து, புது இயர்போன் எல்லாம் வாங்கி தண்டம் அழுதிருந்தேன். கடைத் தம்பி சிரித்தார். “உங்க குரல் உங்களுக்கே திரும்பக் கேட்டா, குத்தம் உங்க பக்கம் இல்லக்கா. எதிர்ப்பக்கம்தான்.”

யோசித்தால் சரிதான். என் குரல் அம்மாவின் வாட்ச் ஸ்பீக்கரிலிருந்து வெளியே வருகிறது. இரண்டு மூன்று சென்டிமீட்டர் தள்ளி இருக்கும் மைக் அதையும் பிடித்து எனக்கே அனுப்புகிறது. இதை அடையாளம் கண்டு கழிப்பதற்கு உள்ளே ஒரு ஏற்பாடு உண்டு. ஆனால் அம்மா வால்யூமை முழுசாக வைத்திருந்தார். அந்தச் சின்ன ஸ்பீக்கர் முழு வால்யூமில் கரகரக்கும். கரகரத்துப் போன குரலை வாட்ச்சால் சரியாகக் கழிக்க முடியாது. தப்பித்தது எனக்கு எதிரொலியாக வரும். கழிக்கிற வேகத்தில் சில சமயம் அம்மாவின் குரலும் சேர்ந்து அறுபடும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசும்போது முதல் எழுத்து காணாமல் போவது பெரும்பாலும் இதனால்தான். அந்த “...ழுந்துட்டேன்” என் “ஹலோ, அம்மா”வுக்கு நடுவில்தான் வந்தது.

வால்யூமைக் குறைத்தால் போயிற்று. ஆனால் குறைத்தால் அம்மாவுக்குக் கேட்காதே! அவர் கேட்கும்போது வாட்ச்சைக் காதுக்குக் கொண்டு போவார், பேசும்போது கையை மாவுச் சட்டிக்கே இறக்கிவிடுவார். வாயிலிருந்து மைக் இரண்டடி தள்ளி. அவ்வளவு தூரத்தில் மைக்குக்குக் குரல் குறைவாகவும், சமையலறைச் சுவர் டைல்ஸில் பட்டுத் திரும்பும் சத்தம் நிறையவும் போகும். குளியலறையில் பாடுவது போல இருந்ததற்கு அதுவும் காரணம்.

வாட்ச்சை முகத்துக்கு முன்னால் ஒரு சாண் தூரத்தில் பிடிக்கச் சொன்னேன். இரண்டடியிலிருந்து ஒரு சாணுக்கு வந்தால் கிட்டத்தட்ட மூன்று மடங்கு பக்கம். மைக்குக்கு அம்மாவின் குரல் நேராகக் கிடைத்தது. ஸ்பீக்கரும் பக்கத்தில் வந்ததால் பாதிக்குக் கொஞ்சம் மேலே வால்யூம் வைத்தாலே அவருக்குக் கேட்டது. மாடியில் நின்று “அம்மா” என்றேன். என் குரல் திரும்பி வரவில்லை.

இவ்வளவு செய்தும் போனில் பேசுகிற தெளிவு வரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். சில வாட்ச்களில் ப்ளூடூத் வழியாகப் போகும் குரலில் 3400 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளது வெட்டுப்பட்டுவிடும். ‘ஸ’, ‘ஷ’ போன்ற ஒலிகளின் கூர்மை பெரும்பாலும் அதற்கு மேலேதான் இருக்கிறது. அதனால் மாத்திரைப் பெயர், பேங்க் விஷயம் எல்லாம் கூடத்துக்குப் போய் போனை எடுத்துத்தான் பேசுகிறோம்.

இப்போதும் காலையில் ஆறேகாலுக்குப் போன் போடுகிறேன். “இருடி, கையைத் தூக்கிக்கறேன்” என்கிறார் முதலில். அப்புறம் எழுந்ததைப் பற்றி ஒரு வார்த்தையும் கிடையாது. “காபி குடிச்சாச்சு” என்பதோடு சரி.