வெள்ளைத் தாள் வெளியே வந்தால்

வீட்டு விறாந்தையில் ஒரு கணினியையும் பிரின்டரையும் வைத்துப் படிவங்களும் வினாத்தாள்களும் அடித்துக் கொடுத்துப் பிழைக்கும் பெண்கள் எம்மிடையே பலர் இருக்கிறார்கள். நானும் அவர்களில் ஒருத்தி. பிரின்டர் சத்தம் போட்டுத் தாளை இழுத்து, எழுத்தே இல்லாமல் வெள்ளையாகவே வெளியே தள்ளும்போது மனம் கலங்கிப் போகும். உடனே புதிய காட்ரிஜ் வாங்கவோ, பஸ் ஏறிப் பட்டணத்துக் கடைக்குக் கொண்டு போகவோ தோன்றும். அதற்கு முன் வீட்டிலேயே நான்கு விடயங்களைப் பார்க்கலாம். காசும் மையும் செலவாகாதவற்றை முதலிலும், மையைக் குடிப்பதைக் கடைசியிலும் பார்க்க வேண்டும். இதை ஒரு தங்கச்சியின் பிரின்டரை வைத்தே சொல்கிறேன்.

அவர் கணவரை இழந்தவர், இரண்டு பிள்ளைகளின் தாய். 2022ஆம் ஆண்டு பங்குனி, சித்திரை மாதங்களில் மின்வெட்டு கடுமையாக இருந்தது உங்களுக்கு நினைவிருக்கும். தாளின் விலையும் ஏறிக் கிடந்தது. அப்போது ஒரு ரியூசன் ஆசிரியருக்கு அறுபது வினாத்தாள்கள் அடித்துக் கொடுக்க ஒப்புக்கொண்டிருந்தார். முதல் தாளே வெள்ளையாக வந்தது. நான் போனபோது மேசையில் ஏழெட்டு வெள்ளைத் தாள்கள் கிடந்தன. அவற்றை எறிய வேண்டாம் என்றேன். சோதித்துப் பார்க்க அதே தாளையே திரும்பத் திரும்பப் போடலாம்.

முதலில் பார்த்தது பாதுகாப்பு நாடாவை. புதிய காட்ரிஜின் அடியில் மை வரும் துளைகளை மூடி ஒரு பிளாஸ்ரிக் நாடா ஒட்டப்பட்டிருக்கும். அதன் நுனியைப் பிடித்து மெதுவாக முழுவதுமாக உரித்தெடுக்க வேண்டும். நாடா கிழிந்து சிறு துண்டு ஒட்டியிருந்தாலும் மை வராது. சில வகைக் காட்ரிஜ்களில் நாடா மேற்பக்கத்துக் காற்றுத் துளையை மூடியிருக்கும். அதை எடுக்காவிட்டால் உள்ளே காற்றுப் போகாது, அதனால் மையும் இறங்காது. எடுத்த நாடாவைத் திரும்ப ஒட்டக் கூடாது. துளைகளிலும், பக்கத்திலுள்ள செம்புப் பட்டைகளிலும் விரல் படக் கூடாது. தங்கச்சியின் காட்ரிஜ் போட்டு இரண்டு மாதம். நாடாவின் அடையாளம் எதுவும் இல்லை.

இரண்டாவது, மை இருக்கிறதா என்பது. கணினித் திரையில் காட்டும் மையின் அளவு ஒரு மதிப்பீடுதான். மை நிரப்பிப் பாவிக்கும் காட்ரிஜுக்கு அது பொருந்தவே பொருந்தாது. வெளியே தொட்டி வைத்த பிரின்டரென்றால் தொட்டியின் கோட்டைக் கண்ணாலேயே பார்க்கலாம். கீழ்க்கோட்டுக்குக் கீழே மை இறங்கியிருந்தால் குழாய்க்குள் காற்றுப் புகுந்துவிடலாம். துளைகள் காட்ரிஜிலேயே உள்ள வகையென்றால், ரிஷ்யூவை நான்காக மடித்து அதன்மேல் துளைப் பக்கத்தைச் சில நொடிகள் மெதுவாக அழுத்துங்கள். கறுப்புத் தடம் விழுந்தால் மை இருக்கிறது, இறங்கவும் செய்கிறது. தடம் விழாவிட்டால் ஒன்றில் மை தீர்ந்திருக்கும், இல்லையேல் துளை காய்ந்திருக்கும். தங்கச்சியின் கறுப்புக் காட்ரிஜ் தடம் போடவில்லை. ஆனால் கையில் எடுத்தபோது வெறும் காட்ரிஜை விடப் பாரமாக இருந்தது. மை உள்ளே இருக்கிறது, வெளியே வரவில்லை என்று எனக்குப் பட்டது.

மூன்றாவது டிரைவர். கணினி சொல்வதைப் பிரின்டருக்குப் புரியவைக்கும் மென்பொருளைத்தான் அப்படிச் சொல்கிறோம். வேறு மாதிரிக்குரிய டிரைவர் இருந்தால் வெள்ளைத் தாள் வரலாம், அல்லது விளங்காத குறிகள் வரலாம். இதைக் கண்டுபிடிக்க இலகுவான வழி, கணினியை விலக்கிவிட்டுப் பார்ப்பதுதான். கொப்பி எடுக்கக்கூடிய பிரின்டரென்றால் எழுத்துள்ள ஒரு தாளைக் கண்ணாடியில் கவிழ்த்து வைத்துக் கொப்பிப் பொத்தானை அழுத்துங்கள். கொப்பி நன்றாக வந்தால் மையிலும் துளையிலும் குறையில்லை, குறை கணினிப் பக்கத்தில்தான். கொப்பியும் வெள்ளையாக வந்தால் டிரைவரைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டியதில்லை.

எமது சங்கத்துப் பிரின்டரில் ஒருமுறை கொப்பி நன்றாக வந்தது, கணினியிலிருந்து அனுப்பியது மட்டும் வெள்ளையாக வந்தது. வின்டோஸில் Printers & scanners என்ற இடத்தைத் திறந்து பார்த்தபோது, எண்ணில் ஓர் இலக்கம் மாறிய இன்னொரு மாதிரியின் பெயர் அங்கே இருந்தது. அதை நீக்கி, வயரைக் கழற்றிவிட்டு, பிரின்டரின் முன்பக்கத்தில் எழுதியிருந்த அதே எண்ணுக்குரிய டிரைவரைப் போட்டதும் சரியாகிவிட்டது.

தங்கச்சியின் பிரின்டரில் சிவப்புத் தலைப்பும் கறுப்பு எழுத்தும் உள்ள ஒரு கடிதத்தைக் கொப்பி எடுத்தோம். சிவப்புத் தலைப்பு வந்தது, கறுப்பு எழுத்து ஒன்றுகூட வரவில்லை. கணினி தொடாத வேலையிலேயே குறை தெரிந்ததால் டிரைவரில் சந்தேகம் இல்லை. கறுப்பின் துளைகள்தான் அடைபட்டிருந்தன.

அடைபட்ட காரணமும் விளங்கியது. வேலை முடிந்ததும் மை பூசும் தலைப்பகுதி வலது ஓரத்துக்குப் போய், துளைகளை மூடும் ஒரு ரப்பர் மூடியின்மேல் உட்காரும். அடிக்கும்போதே மின்சாரம் நின்றால் அது நடுவழியில் திறந்தபடி நின்றுவிடும். மணிக்கணக்கான வெட்டில், எங்கள் வெக்கையில், மை காய்ந்து துளையில் இறுகிவிடும்.

எனவே நான்காவதாகத் துளைகளுக்கு வந்தோம். பிரின்டரின் பராமரிப்புப் பகுதியில் Nozzle Check என்றும் Cleaning என்றும் இருக்கும். முதலாவது, கோடுகளாக ஒரு படம் அடித்து எந்த இடம் விடுபடுகிறது என்று காட்டும். இரண்டாவது, மையை உறிஞ்சி அடைப்பை நீக்கும். இது ஒவ்வொரு முறையும் நல்ல மையையே செலவழிக்கும். அதனால்தான் கடைசிக்கு வைத்தோம். இரண்டு முறை செய்தும் பயன் இல்லாவிட்டால் தொடர்ந்து அழுத்தாதீர்கள்.

நாங்களும் இரண்டோடு நிறுத்தினோம். பிறகு பற்றரிக்கு ஊற்றும் வடித்த நீரை இளஞ்சூடாக்கி, மடித்த ரிஷ்யூவை ஈரமாக்கி, சொட்டாமல் பிழிந்து, அதன்மேல் காட்ரிஜின் துளைப் பக்கத்தை ஒரு நிமிடம் வைத்தோம். எங்கள் கிணற்று நீரில் சுண்ணாம்பு இருப்பதால் அதைப் பாவிக்கவில்லை. செம்புப் பட்டை நனையாமல் பார்த்துக்கொண்டோம். ஊசியால் குத்தவே கூடாது, துளை பழுதாகிவிடும். ரிஷ்யூவில் கறுப்புப் பரவியது. துடைத்துப் போட்டு அடித்தபோது கோடுகளில் பாதி வந்தன. இரவு முழுவதும் அப்படியே விட்டு, காலையில் ஒரேயொரு தடவை சுத்தம் செய்ததும் முழுக் கோடுகளும் வந்தன. அறுபது வினாத்தாள்களையும் மத்தியானத்துக்குள் கொடுத்துவிட்டார்.

இந்த ஈர ரிஷ்யூ முறை, துளைகள் காட்ரிஜிலேயே உள்ள வகைக்கு மட்டும்தான். தொட்டி வைத்த பிரின்டரில் துளைகள் இயந்திரத்துக்குள் இருக்கும். அதைக் கழற்ற முயல வேண்டாம். சுத்தம் செய்து, பல மணிநேரம் ஓயவிட்டு, மறுபடி ஒருமுறை செய்தும் கோடு வராவிட்டால் திருத்துபவரிடம் கொடுப்பதே நல்லது. அப்போது நாடா, மை, டிரைவர் மூன்றும் பார்த்தாயிற்று என்று சொல்லி, Nozzle Check தாளையும் கையில் கொடுங்கள். தேவையில்லாத வேலைக்குக் காசு கேட்க இடமிராது.

தங்கச்சி இப்போது வாரம் ஒரு தாளாவது கறுப்பும் நிறமும் சேர்த்து அடிக்கிறார். மின்வெட்டு நேரம் தெரிந்தால் அதற்குக் கால்மணி முன்பே வேலையை நிறுத்துகிறார். சுவர் சுவிட்சை அணைப்பதற்கு முன் பிரின்டரின் பொத்தானால் நிறுத்தி, தலைப்பகுதி ஓரத்துக்குப் போய் உட்காரும் சத்தம் கேட்கும்வரை காத்திருக்கிறார்.